கலந்த சாதமும் லட்டும் பொட்டலம் போட்டு விற்கிறோம்: ஒவ்வாமை லேபிள் பற்றிய கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் சின்னச் சமையற்கூடம் வைத்துக் கலந்த சாதம், இனிப்பு, முறுக்கு வகைகளை விற்பவர்களுக்கு லேபிள் எழுத உதவி வருகிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாங்க வீட்டிலேயே சின்னதா செஞ்சு விக்கிறோம். எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. வாங்குபவர் வருவதற்கு முன்பே உணவைப் பெட்டியிலோ கவரிலோ போட்டு மூடி விற்பனைக்கு வைத்துவிட்டால், அது முன்கூட்டியே பொதிந்த உணவு. 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிளிங் ஒழுங்குமுறைப்படி அதில் ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்லியாக வேண்டும். இது மத்திய விதி. புதுச்சேரியில் ஒரு அலுவலகம், கடலூரில் வேறு அலுவலகம் என்றாலும் விதி ஒன்றுதான்.

கேட்ட பிறகு, வாங்குபவர் கண்ணெதிரே சூடாக அள்ளிக் கட்டித் தரும் சாப்பாட்டுக்கு இதே லேபிள் கட்டாயமில்லை. ஆனால் அந்தப் பொட்டலமும் வீட்டுக்குப் போய், வாங்காத ஒருவர் கையில்தான் பிரியும். அதனால் அதிலும் ஒரு சீட்டை ஒட்டிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எந்தெந்தப் பொருளைச் சொல்லணும்?

விதியில் எட்டு வகை இருக்கிறது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள் ஒரு வகை. இறால், நண்டு போன்ற ஓட்டு உயிரிகள் ஒன்று. பிறகு பால், முட்டை, மீன், சோயா. வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளும் சேர்ந்து ஒரு வகை. கடைசியாக, ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருக்கும் சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருள். இவற்றிலிருந்து செய்த பொருளும் கணக்கில் வரும். ரவை, மைதா, சேமியா எல்லாம் கோதுமைதான். மீல் மேக்கர் சோயாதான். ஃப்ரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸில் பெரும்பாலும் சோயாவோடு கோதுமையும் இருக்கும்.

எள், கடுகு, கணவாய் ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் இவற்றால் கடுமையான ஒவ்வாமை வருபவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் ஊர் இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், எள்ளுருண்டை எல்லாவற்றிலும் எள் இருக்கிறது. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

முந்திரி, வேர்க்கடலை ரெண்டுக்கும் சேர்த்து 'நட்ஸ்'னு போட்டா போதாதா?

போதாது. பெயர் சொல்லி எழுதுங்கள். வேர்க்கடலை பருப்பு இனம், முந்திரி மரக்கொட்டை. வேர்க்கடலை ஆகாத ஒருவர் முந்திரியைத் தாராளமாகச் சாப்பிடுபவராக இருக்கலாம். முந்திரி ஆகாதவருக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது. பாதாம் அவருக்குச் சரியாக இருக்கலாம். 'நட்ஸ்' என்று மொத்தமாகப் போட்டால் ஒருவர் காரணமில்லாமல் ஒதுங்குவார், இன்னொருவர் அதில் எது இருக்கிறது என்று புரியாமல் தின்றுவிடுவார்.

பண்ருட்டி பக்கத்திலேயே இருப்பதால் நம் சமையலில் முந்திரி கை தாராளம். கேசரியிலும் பொங்கலிலும் கண்ணுக்குத் தெரியும். குருமாவிலும் பனீர் கிரேவியிலும் அரைத்து ஊற்றிவிடுவதால் தெரியாது. லேபிள் அதிகம் தேவைப்படுவது அங்கேதான்.

இன்னொன்று, வெறும் 'கடலை' என்று எழுதாதீர்கள். கடலை மாவு கடலைப்பருப்பிலிருந்து வருவது, கடலை எண்ணெய் வேர்க்கடலையிலிருந்து வருவது. பொட்டுக்கடலை கொண்டைக்கடலை இனம். வேர்க்கடலை என்றால் 'வேர்க்கடலை' என்று முழுதாக எழுதுங்கள். செக்கு எண்ணெய் பயன்படுத்தினால் அதிலும் வேர்க்கடலையின் புரதம் தங்கியிருக்கும். சுத்திகரித்த எண்ணெயில் அது ஏறக்குறைய போய்விடும்.

சாம்பார் சாதம் அரிசியும் பருப்பும்தானே. அதுல கோதுமை எங்க இருந்து வந்துச்சு?

பெருங்காயத்திலிருந்து. சுத்தமான பெருங்காயப் பிசின் மிகவும் காட்டமானது, அப்படியே விற்பது குறைவு. கடையில் கிடைக்கும் கட்டியும் தூளும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் கருவேலம் பிசின் போன்ற உண்ணத்தக்க பிசினும், மைதாவோ கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிச் சேர்மானங்களைப் படித்தால் தெரியும்.

சாம்பார், ரசம், புளி சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகையாவது போடுகிறோம். 'இதில் கோதுமையே கிடையாது' என்று நம்பிக் கொடுக்கிற சாப்பாடு முழுவதிலும் இப்படி ஒரு சிட்டிகை கோதுமை போய்விடுகிறது. அளவு மிகக் குறைவுதான். ஆனால் ஒவ்வாமை அறிவிப்பில் அளவு சின்னது என்று விட முடியாது. ஒன்று, கோதுமை என்று எழுதுங்கள். இல்லையென்றால் அரிசி மாவு கலந்த பெருங்காயமாகத் தேடி வாங்குங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஒரு பொருளை மாற்றினால் ஐந்தாறு சாதத்தின் லேபிளிலிருந்து கோதுமை இறங்கிவிடும்.

அரிசி மாவிலும் கடலை மாவிலும் இதே கவனம் வேண்டும். மில்லில் உங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால், இயந்திரத்தில் தங்கிய மாவு உங்கள் மாவோடுதான் வந்து விழும். அப்படி அரைத்த மாவில் செய்த முறுக்குக்கும் லட்டுக்கும் 'கோதுமை கலந்திருக்கலாம்' என்பது உண்மையான வாசகம்.

ஒரு பொருளை வெச்சு, எப்படி எழுதுறதுன்னு காட்டுங்களேன்?

வளைகாப்புக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பேருக்குப் புளி சாதம், கூடவே ஆளுக்கு ஒரு பூந்தி லட்டு.

முதலில் புளி சாதம். அடுப்புக்குப் போகும் முன் எல்லாவற்றையும் தராசில் வைத்து ஒரு தாளில் எழுதுங்கள். அரிசி 5 கிலோ, நல்லெண்ணெய் 900 கிராம், புளி 600, வேர்க்கடலை 400, கடலைப்பருப்பு 250, உப்பு 200, காய்ந்த மிளகாய் 120, வறுத்த எள் 100, வெல்லம் 80, மல்லி விதை 60, கடுகு 50, வெந்தயம் 30, பெருங்காயம் 25, மஞ்சள் தூள் 15, கறிவேப்பிலை 10. சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்க வேண்டும் என்பதால் இந்தத் தாளே பட்டியல் ஆகிவிடும்.

அடுத்தது, கவரில் வந்த ஒவ்வொரு பொருளின் பின்பக்கத்தையும் படிப்பது. இந்தக் கணக்கில் பெருங்காய டப்பாவில் கோதுமை மாவு என்று இருக்கிறது. வெல்லம் வெளுத்த மஞ்சளாகப் பளபளத்தால், அதை வெளுக்க 'ஹைட்ரோஸ்' போட்டார்களா என்று கடைக்காரரைக் கேளுங்கள். அது சல்ஃபைட் தரும் பொருள். கருத்த நாட்டு வெல்லம் வாங்கிவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

மூன்றாவது, அதே பாத்திரத்தில் முன்பு என்ன செய்தோம் என்பது. வேர்க்கடலை வறுத்த அதே வாணலியில் காலையில் முந்திரியும் நெய்யில் வறுத்தோம், நடுவில் துடைத்ததோடு சரி. அப்படியானால் முந்திரியும் பாலும் 'கலந்திருக்கலாம்' வரிக்குப் போகும். லேபிள் இப்படி வரும்:

*புளி சாதம்*
*சேர்மானங்கள்: அரிசி, நல்லெண்ணெய், புளி, வேர்க்கடலை, கடலைப்பருப்பு, உப்பு, காய்ந்த மிளகாய், எள், வெல்லம், மல்லி விதை, கடுகு, வெந்தயம், கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு சேர்ந்தது), மஞ்சள் தூள், கறிவேப்பிலை*
*இதில் உள்ளவை: வேர்க்கடலை, கோதுமை, எள், கடுகு*
*கலந்திருக்கலாம்: முந்திரி, பால்*

லட்டுக்கு வந்தால் சர்க்கரை, கடலை மாவு, பூந்தி பொரிக்கும் எண்ணெய், நெய், முந்திரி, உலர் திராட்சை, ஏலக்காய். நெய்யும் முந்திரியும் நேராகத் தெரிகின்றன. பலர் கவனிக்காமல் விடுவது திராட்சை. தங்க நிறத்தில் இருக்கும் உலர் திராட்சையை நிறம் மாறாமல் இருக்கக் கந்தக வாயுவில் பதப்படுத்துவது வழக்கம். உணவில் சேர்க்கும் பொருளைக் குறிக்கும் ஐ.என்.எஸ். எண் கவரில் 220 முதல் 228 வரை ஏதாவது இருந்தால் அது சல்ஃபைட். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். லட்டில் சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தொடுகிறதா என்று சமையற்கூடத்தில் அளக்க முடியாது. அதனால் கவரில் இருந்தால் லேபிளில் எழுதிவிடுவதே நல்லது. கடலை மாவு வெளி மில்லில் அரைத்தது என்றால் கோதுமையும் 'கலந்திருக்கலாம்' வரியில் வரும்.

சாதத்துக்கும் லட்டுக்கும் தனித்தனி சீட்டு வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரே சீட்டு ஒட்டினால், லட்டை மட்டும் குழந்தைக்கு எடுத்துக் கொடுக்கும் பாட்டிக்கு அது உதவாது.

எதுக்கு இவ்வளவு வேலை? எல்லாத்துலயும் 'அனைத்தும் கலந்திருக்கலாம்'னு ஒரே ஸ்டிக்கர் ஒட்டிடலாமே?

வேண்டாம். இளநீர்ப் பாயசத்திலும் இறால் தொக்கிலும் ஒரே வாசகம் இருந்தால், படிப்பவர்கள் அதைப் படிப்பதையே விட்டுவிடுவார்கள். உண்மையில் ஆபத்து இருக்கும் பொட்டலமும் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். தெரிந்தே போட்ட பொருளை 'கலந்திருக்கலாம்' என்று எழுதுவதோ தவறே. பாலை ஊற்றிச் செய்துவிட்டுப் 'பால் கலந்திருக்கலாம்' என்று எழுதக் கூடாது.

முதலில் கலக்காமல் இருக்க முடிந்ததைச் செய்யுங்கள், முடியாததை மட்டும் எழுதுங்கள். சமையற்கூடத்தில் கலப்பு நடக்கும் இடங்கள் அநேகமாக இவைதான். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் இருக்கும் வாஷர். காலையில் வேர்க்கடலைச் சட்னி அரைத்தது மதியம் தேங்காய்ச் சட்னிக்கு வந்துவிடும். மாவு சலிக்கும் சல்லடை. மர அகப்பை. அப்புறம் எண்ணெய். இறால் பொரித்த எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி போட்டால் அந்த பஜ்ஜி இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது. எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் ஒவ்வாமை தரும் புரதத்தை நம்பத்தக்க அளவில் அழிக்காது. முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் வாங்கிச் செய்யும் கூடங்களுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: மீனுக்கும் இறாலுக்கும் தனி வாணலி, தனி ஜல்லிக் கரண்டி, அந்த எண்ணெய்க்குத் தனி டப்பா.

கழுவுவது என்றால் சோப்பும் ஓடும் தண்ணீரும். சானிடைசர் கிருமிக்கு மட்டும்தான், கையில் ஒட்டிய வேர்க்கடலைப் புரதத்தை அது எடுக்காது.

முந்திரியைப் பொறுக்கி எடுத்துட்டுக் கொடுத்தா சரியா?

இல்லை. வறுத்த நெய்யோடு அதன் புரதம் பொங்கல் முழுக்கப் பரவிவிட்டது.

பால் ஆகாதுன்னு சொன்னாங்க. நெய் பரவாயில்லைதானே?

எது ஆகாது என்று கேளுங்கள். பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு வருபவருக்குப் பிரச்சினை பாலின் சர்க்கரையான லாக்டோஸ். நெய்யில் அது மிகக் குறைவு, அவர்களில் பெரும்பாலோருக்கு நெய் ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாமை வேறு. அது பாலின் புரதத்துக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்ப்பு. உருக்கி வடித்த நெய்யிலும் கொஞ்சம் புரதம் தங்கும். அவர்களுக்கு நெய் மைசூர்பாகு கூடாது. எப்படி இருந்தாலும் லேபிளில் நெய் என்றால் 'பால்' என்று வந்தாக வேண்டும்.

பச்சைப் புள்ளி போட்டிருக்கோமே, அது போதாதா?

பச்சைக் கட்டத்துக்குள் இருக்கும் பச்சை வட்டம் சைவம் என்று மட்டும் சொல்கிறது. பால், முந்திரி, வேர்க்கடலை, கோதுமை எல்லாம் சைவம்தான். முட்டை போட்ட கேக்குக்குப் பழுப்பு முக்கோணம் வரும், ஆனால் அதைப் பார்த்து உள்ளே இருப்பது முட்டையா இறாலா என்று சொல்ல முடியாது. குறியீடு தனியாகவும் ஒவ்வாமை வரி தனியாகவும் இருக்க வேண்டும்.

தமிழ்ல மட்டும் எழுதலாமா?

விதிப்படி லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். அதோடு கூடுதலாக எந்த மொழியிலும் எழுதலாம். ஆக, தமிழில் மட்டும் போட்டால் போதாது. ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் விதிக்குப் போதும், வாங்குபவருக்குப் போதாது. நான் எழுதித் தரும் லேபிள்களில் ஒவ்வாமை வரி மட்டுமாவது கட்டாயம் இரண்டிலும் இருக்கும். புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் வெளியூர், வெளிநாட்டுக்காரர்களும் வாங்குவதால் அங்கே ஆங்கிலம் நிஜமாகவே படிக்கப்படுகிறது.

ஒரு அம்மா போன் பண்ணி, 'எங்க பையனுக்கு வேர்க்கடலை ஆகாது, அது இல்லாம செஞ்சு தருவீங்களா'ன்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?

உடனே 'செஞ்சுடலாம்மா' என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு விஷயம் கேளுங்கள். துளி பட்டாலே ஆகாதா, மருத்துவர் பார்த்துச் சொன்னதா? இதற்கு முன் மூச்சுத் திணறல், மயக்கம் வந்திருக்கிறதா? ஆம் என்றால், உங்கள் கூடத்தில் தினமும் வேர்க்கடலை புழங்குகிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். உங்களால் முழுதாகப் பிரிக்க முடியாது என்றால், 'எங்களால் முடியாதுங்க' என்று சொல்வதுதான் அந்தத் தாய்க்குச் செய்யும் நன்மை. வருத்தப்பட மாட்டார்கள். உண்மையைச் சொல்லும் ஆளைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முடியும் என்று எடுத்துக்கொண்டால் அன்றைய முதல் வேலையாக அதைச் செய்யுங்கள், வேர்க்கடலை மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே. மேடையைச் சோப்புப் போட்டுக் கழுவி, எவர்சில்வர் பாத்திரம், எவர்சில்வர் கரண்டி, புதிதாகப் பிரித்த எண்ணெய், புதிதாகப் பிரித்த பெருங்காயம். சாக்கில் வைத்து உதிரியாக விற்கும் பருப்பு வேண்டாம். பெரிய மார்க்கெட்டில் கடைக்காரர் வேர்க்கடலைச் சாக்கில் போட்ட அதே அளவைப் படியைத்தான் அடுத்த சாக்கிலும் போடுவார். கவரில் வந்த பருப்பாகப் பாருங்கள், அந்தக் கவரிலும் வேர்க்கடலை எச்சரிக்கை இருக்கிறதா என்று படியுங்கள். மற்ற சமையல் தொடங்கும் முன்பே கட்டி, ஒட்டி, பையன் பெயரை எழுதித் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பொட்டலம் கொடுக்கும் ஆள் வேறு ஒருவராக இருந்தால் அவரிடம் வாயாலும் சொல்லுங்கள்.

சாப்பிட்டவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னு போன் வந்தா?

பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். உடம்பு தடிப்பது, உதடும் கண்ணும் வீங்குவது, வாந்தி. குரல் கம்முவது, மூச்சு வாங்குவது, தலை சுற்றிச் சாய்வது என்றால் அது உயிருக்கு ஆபத்து. '108-க்குப் போன் பண்ணுங்க' என்பதுதான் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம். அலர்ஜி மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது, இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. அதுவரை காலைச் சற்று உயர்த்திப் படுக்க வைக்கட்டும். மூச்சு வாங்கினால் உட்காரட்டும், எழுந்து நடக்க வேண்டாம்.

அடுத்த வாக்கியம், அதில் என்ன இருந்தது என்பது. அதற்குத்தான் அந்த எடைத் தாள். தேதி போட்டு வைத்திருந்தால் மருத்துவரிடம் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம், போட்டோ எடுத்தும் அனுப்பலாம். மிச்சம் இருக்கும் பொட்டலத்தை எறிய வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அதே சட்டியிலிருந்து வேறு யாருக்கெல்லாம் போனதோ அவர்களையும் அப்போதே கூப்பிடுங்கள்.

அடிச்ச ஸ்டிக்கர் ஒரு கட்டு மிச்சம் இருக்கு. இந்த மாசம் பெருங்காயம் வேற கம்பெனி வாங்கினோம். பழசைத் தீர்த்துட்டு மாத்தலாமா?

முதலில் புது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பழையதிலும் கோதுமை, புதியதிலும் கோதுமை என்றால் ஸ்டிக்கர் ஓடும். பழையது அரிசி மாவு, புதியது கோதுமை என்றால் அந்தக் கட்டு இனி ஆகாது. பேனாவால் திருத்தி ஒட்டினாலும் நனைந்தால் அழிந்துவிடும். ஸ்டிக்கர் அடிக்கும்போது பெயர், சேர்மானம், ஒவ்வாமை வரி எல்லாம் ஒரே தாளில் இல்லாமல், ஒவ்வாமை வரியை மட்டும் தனிச் சின்ன ஸ்டிக்கராகக் குறைந்த எண்ணிக்கையில் அடிக்கச் சிலர் நினைப்பார்கள். அதிலும் சேர்மானப் பட்டியலும் ஒவ்வாமை வரியும் முரண்படும் ஆபத்து இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து, ஒரு மாதத்துக்குத் தேவையான அளவு மட்டும் அடியுங்கள்.